வேண்டும், லாம், கூடாது

பெங்களூரில் மொழியியல் ஆய்வாளராக இருக்கும் ஒருவர், உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் மொழிபெயர்ப்பு வேலைகளை ஏற்றுக்கொள்வது வழக்கம். அப்படி ஒருமுறை அவரிடம் வந்தது, லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் பணி ஒப்பந்தம். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். அந்நிறுவனத்தின் டெக்னீஷியன்களில் பெரும்பாலோர் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள். லிஃப்டின் சர்க்யூட் படத்தை ஆங்கிலத்தில் தடங்கலின்றி வாசிப்பார்கள்; ஒப்பந்தத்தின் ஆங்கிலத்தை வாசிக்கமாட்டார்கள். வேலையில் சேரும் நாளன்று, பென்சிலால் குறியிட்டுக் காட்டப்படும் இடங்களில் கையெழுத்திட்டுவிட்டுப் போவார்கள். இனி எல்லோருக்கும் தமிழ்ப் பிரதி ஒன்றையும் தருவது என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. இரண்டுக்கும் முரண் ஏற்பட்டால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்ற வழக்கமான வாசகம் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

மொழிபெயர்ப்பவருக்கு அந்த வாசகம் ஒருவகை நிம்மதியைத் தருவது. பிழை நேர்ந்தாலும் நீதிமன்றத்தில் ஆங்கிலம் பார்த்துக்கொள்ளும். ஆனால் டெக்னீஷியன் ஒருவர் நீதிமன்றப் படியேறுவதற்கு வெகுமுன்பே தமிழ்ப் பிரதியை வாசித்திருப்பார், அதை நம்பியிருப்பார், வேலையை விடுவதா வேண்டாமா என்று அதன்படி முடிவெடுத்திருப்பார்.

முதல் வரைவு நான்கு நாளில் முடிந்தது. அந்நான்கு நாளின் உழைப்பில் பெரும்பகுதி பெயர்ச்சொற்களுக்கே போயிற்று. முன்னறிவிப்புக் காலம், போட்டித் தடை, இரகசியக் காப்பு, நன்னடத்தை, இறுதிக் கணக்கு என்று சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, சட்டத் தமிழ் அகராதியோடு ஒப்பிட்டு, ஒரே கருத்துக்கு எங்கும் ஒரே சொல் வருகிறதா என்று சரிபார்த்தார். வினைச்சொற்களின் இறுதியை அவர் அப்படிச் சரிபார்க்கவில்லை. தமிழ் தாய்மொழி, ‘வேண்டும்’ என்பதையும் ‘லாம்’ என்பதையும் எவரேனும் அகராதியில் தேடுவார்களா?

பிரதியை ஒப்படைக்கும் முன், வாசித்துப் பார்க்க டெக்னீஷியன் ஒருவரை அனுப்புமாறு அவர் கேட்டுக்கொண்டார். நிறுவனம் சம்மதித்தது. வந்தவர் தருமபுரிக்காரர், இருபத்தாறு வயது. ஒவ்வொரு பிரிவையும் படித்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு: இதில் யார் எதைச் செய்தே தீர வேண்டும், யார் விரும்பினால் எதைச் செய்யலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும். முன்னறிவிப்புப் பிரிவை அவர் இரண்டு முறை படித்தார். பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ ரெண்டு மாசச் சம்பளத்தைக் கட்டிட்டு மறுநாளே போயிடலாமாக்கா?”

அவர் ஏன் கேட்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதை நிறுவனத்திடம் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு எந்தத் தேவையும் இல்லை, சொல்லவுமில்லை. ஆனால் கேள்விக்கு விடை ‘முடியாது’ என்பது. வரைவோ ‘முடியும்’ என்று சொல்லியிருந்தது.

ஆங்கில மூலத்தில் அந்தப் பிரிவு நான்கு வாக்கியங்களால் ஆனது. இரு தரப்பில் எவரும் 60 நாளுக்குக் குறையாத எழுத்துமூல அறிவிப்புத் தந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது முதலாவது. அறிவிப்புக்குப் பதிலாக நிறுவனம் 60 நாள் ஊதியத்தைக் கொடுத்து உடனே முடித்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. ஊழியர் அறிவிப்புத் தந்தால் அக்காலம் முழுவதும் வேலை செய்தாக வேண்டும் என்பது மூன்றாவது. ஊழியர் தரும் பணத்தை ஏற்று அவரை முன்னதாக விடுவிப்பது நிறுவனத்தின் விருப்பம், அதை ஏற்கும் கடமை அதற்கு இல்லை என்பது நான்காவது. அதாவது பணம் கொடுத்து வெளியேறும் கதவு இரு தரப்புக்கும் உண்டு. நிறுவனத்தின் கதவுக்குப் பூட்டு இல்லை, ஊழியரின் கதவுக்குச் சாவி நிறுவனத்தின் கையில். இது நியாயமா என்பது வேறு விவாதம். எழுதியிருப்பது அதுதான்.

வரைவில் இந்த நான்கும் ஒரே வாக்கியமாகியிருந்தன: ‘இரு தரப்பினரில் எவரும் 60 நாள் முன்னறிவிப்பு அளித்தோ அதற்கு ஈடான ஊதியத்தைச் செலுத்தியோ இவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், ஊழியர் செலுத்தும் தொகையை நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம்.’ காதுக்கு இனிய வாக்கியம். வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் இறுதியில் ஒரு முற்றில் நிறுத்துவது தமிழின் இயல்பான நடை. அந்த இயல்புதான் இங்கே காலை வாரியது. ‘அளித்தோ செலுத்தியோ’ என்று எழுதும்போது, இரண்டில் எதைத் தேர்வது என்ற உரிமை எழுவாய்க்குப் போய்விடுகிறது. எழுவாய் ‘எவரும்’. ஆக, தேர்வு ஊழியருடையதாகவும் ஆகிவிட்டது.

பின்னால் வந்த ‘ஏற்றுக்கொள்ளலாம்’ அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ‘லாம்’ என்ற ஈறு தமிழில் செய்யும் வேலைகள் பல. ‘மழை வரலாம்’ என்பதில் அது வாய்ப்பு. ‘உள்ளே வரலாம்’ என்பதில் அனுமதி. ‘சாப்பிடலாம்’ என்று இருவர் பேசிக்கொண்டால் அது அழைப்பு. மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி கோப்பை மூடிக்கொண்டே ‘நீங்கள் போகலாம்’ என்றால் அது ஆணை. ஒப்பந்தத்தின் ‘மே’ என்ற ஆங்கிலச் சொல் கேட்பது இவற்றுள் ஒன்றை மட்டும்: செய்வதும் செய்யாமல் விடுவதும் குறிப்பிட்ட ஒருவரின் விருப்பம். தருமபுரி இளைஞரின் காதில் ‘நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம்’ என்பது, பணம் கட்டினால் வாங்கிக்கொள்வார்கள் என்ற ஆறுதலாக விழுந்திருந்தது. அப்படி விழுந்ததற்கு அவரைக் குறைசொல்ல முடியாது.

‘லாம்’ ஈற்றைத் தூக்கியெறிந்துவிட்டு எங்கும் ‘உரிமை உண்டு’ என்று எழுதிவிடலாமா என்று மொழிபெயர்ப்பாளர் யோசித்தார். ஆனால் ஒப்பந்தத்தின் வேறிடங்களில், விடுப்பு போன்றவற்றில், உண்மையாகவே ‘உரிமை’ பேசப்படுகிறது. அங்கே ஒருவரின் உரிமை மற்றவருக்குக் கடமையாகிறது. விருப்பத்துக்கும் அதே சொல்லைப் போட்டால் இரண்டின் எடையும் குழம்பும். எனவே அவர் ‘லாம்’ ஈற்றை விருப்பத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார். வெறும் வாய்ப்பைச் சொல்ல வேண்டிய இடங்களில் ‘கூடும்’ என்று எழுதினார். விருப்பம் யாருடையதோ அவரை வினைக்கு அருகிலேயே எழுவாயாக நிறுத்தினார். நான்கு வாக்கியங்களும் மீண்டும் நான்காயின. கடைசி வாக்கியம் இப்படி அமைந்தது: ‘முன்னறிவிப்புக் காலத்தின் முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ பதிலாக ஊழியர் செலுத்த முன்வரும் தொகையை நிறுவனம் எழுத்துமூலம் ஏற்றால் மட்டுமே அவர் முன்னதாக விலகலாம், ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் முழு விருப்பம், நிறுவனம் அதனை ஏற்க வேண்டியதில்லை.’

அந்த ‘ஏற்க வேண்டியதில்லை’ வந்துசேர்ந்த வழியும் சொல்லத்தக்கது. கடமை இல்லை என்பதும், செய்யக் கூடாது என்பதும், செய்யப்போவதில்லை என்பதும் மூன்று வெவ்வேறு செய்திகள். ‘நிறுவனம் ஏற்கக் கூடாது’ என்றால் நிறுவனமே விரும்பினாலும் ஏற்க முடியாது. ‘நிறுவனம் ஏற்காது’ என்றால் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது; ஊழியர் விண்ணப்பிப்பதே வீண். ‘ஏற்க வேண்டியதில்லை’ என்றால் கேட்டுப் பார்க்கலாம், மறுத்தால் வழக்காட முடியாது. இடையிலிருந்த ஒரு வரைவில் அவர் ‘ஏற்காது’ என்று எழுதியிருந்தார். முதல் வரைவு இளைஞருக்கு இல்லாத உரிமையைக் கொடுத்தது. இது அவருக்கு இருந்த ஒரு வழியையும் அடைத்திருக்கும்.

இதற்குப் பிறகுதான் அவர் ஒப்பந்தம் முழுவதையும் வினைமுற்றுகளுக்காக மட்டும் மறுபடி படித்தார். மூலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ வந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டு, எதிரே தமிழில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தார். கண்டது அவரையே திடுக்கிடச் செய்தது. ஊழியர்மீது விழுந்த ‘ஷல்’ ஏறக்குறைய எல்லா இடத்திலும் ‘வேண்டும்’ ஆகியிருந்தது: ஊழியர் தெரிவிக்க வேண்டும், ஒப்படைக்க வேண்டும், பணியாற்ற வேண்டும். நிறுவனத்தின்மீது விழுந்தவை ஒன்பது. அவற்றில் ஏழு, வெறும் ‘உம்’ ஈற்றில் முடிந்திருந்தன. ‘நிறுவனம் இறுதிக் கணக்கை 45 நாட்களுக்குள் தீர்க்கும்.’ ‘நிறுவனம் பணிச் சான்றிதழை வழங்கும்.’

இலக்கணப்படி பிழையில்லை. ஆங்கில ‘ஷல்’ எதிர்காலம் காட்டுவது என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது சரியான மொழிபெயர்ப்பாகவும் தோன்றும். ஆனால் தமிழில் அஃறிணை எழுவாயோடு வரும் ‘உம்’ ஈறு வழக்கத்தையும் சொல்லும். ‘கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்’ என்பது கடைக்காரர்மீது சுமத்தப்பட்ட கடமையன்று; கடையின் பழக்கம். பத்தேகாலுக்குத் திறந்தால் அலுத்துக்கொள்ளலாம், ஒப்பந்த மீறல் என்று சொல்ல முடியாது. ‘கணக்கைத் தீர்க்கும்’ என்று படிப்பவரும், நிறுவனத்தின் நல்ல பழக்கம் ஒன்றைப் பற்றிப் படிப்பதாகவே உணர்வார். 45 நாள் கடந்தால் தனக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்ற உணர்வை அவ்வாக்கியம் தராது.

இது எப்படி நேர்ந்தது என்பதை அவர் பிறகு யோசித்துப் பார்த்தார். மூலத்தை எழுதியவர் இரு தரப்புக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தியிருந்தார். சம்பளம் கொடுக்கும் இடத்தை நோக்கி ‘நீ செய்ய வேண்டும்’ என்று எழுதத் தமிழ்க் கை கூசியிருக்கிறது. மரியாதை என்று நாம் பழகிய ஒன்று, யாரும் கேளாமலே, கடமையின் எடையைக் குறைத்துவிட்டது. மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு வகுப்புகளில் அதிகாரம் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அது ஒரு விகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதைச் சம்பளக் கணக்குப் பிரிவு காட்டியது. ஏழு இடங்களும் ‘தீர்க்க வேண்டும்’, ‘வழங்க வேண்டும்’ என்று திருத்தப்பட்டன.

போட்டித் தடைப் பிரிவில் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. பணியில் இருக்கும்போதும், பணி எக்காரணத்தால் முடிவுற்றாலும் அதன்பின் 12 மாதங்களுக்கும், பெங்களூரு நகர எல்லைக்குள், போட்டி நிறுவனம் எதிலும் ஊழியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை செய்யக் கூடாது என்பது மூலத்தின் சாரம். இதை மொழிபெயர்க்கும்போது அவருக்கு ஊழியர் பக்கம் மனம் சாய்ந்தது. லிஃப்ட் வேலை மட்டுமே தெரிந்த ஒருவர் ஓராண்டு வேறென்ன செய்வார்? வரைவில் அச்சாய்வு தெரிந்தது: ‘ஊழியர் பணியிலிருந்து விலகிய பின் 12 மாதங்களுக்குப் போட்டி நிறுவனங்களில் ஈடுபடமாட்டார்.’

முதலில் ‘மாட்டார்’. ‘வரமாட்டார்’, ‘பொய் சொல்லமாட்டார்’ என்பவை ஒருவரின் மனநிலை பற்றியோ குணம் பற்றியோ பிறர் சொல்லும் செய்திகள். தன்மையில் ‘செய்யமாட்டேன்’ என்றால் அது வாக்குறுதியாக நிற்கும். படர்க்கையில் அதே வினை நற்சான்றிதழாகிவிடுகிறது. மூலத்தில் இருந்தது தடை. தமிழில் அதற்கு ‘கூடாது’ இருக்கிறது.

அடுத்தது ‘விலகிய பின்’. இச்சொல்லின் எடையை அறிய 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி ஆஃப் இந்தியா – கிருஷன் முர்காய் வழக்கைப் படிக்க வேண்டும். அங்கும் போட்டித் தடை. நிறுவனத்தை ‘லீவ்’ செய்தபின் இரண்டு ஆண்டுகள் என்பது ஒப்பந்த வாசகம். ஊழியரோ தாமாக விலகவில்லை. நிறுவனம் அவரை நீக்கியிருந்தது. அந்த வாசகத்தில் ‘லீவ்’ என்பது தாமாக விலகுவதையே குறிக்கும், நீக்கப்பட்டவரைக் குறிக்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டனர். தடை அவர்மேல் பாயவில்லை. ஒரு வினைச்சொல்லின் எல்லையில் ஒரு வழக்கே முடிந்தது. பெங்களூரு ஒப்பந்தத்தை எழுதியவர் அந்தத் தீர்ப்பை அறிந்தவர் போலும். அதனால்தான் ‘எக்காரணத்தால் முடிவுற்றாலும்’ என்ற பொருள்படும் தொடரைப் போட்டிருந்தார். அதை ‘விலகிய பின்’ என்று தமிழாக்கியதன் மூலம், ஆங்கில வழக்கறிஞர் கவனமாக மூடிய துவாரத்தை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே திறந்துவிட்டிருந்தார். நீக்கப்பட்ட ஒருவர் தமிழ்ப் பிரதியை நம்பி, தமக்குத் தடையில்லை என்று எண்ணிவிடுவார். சொல் ‘பணி எக்காரணத்தால் முடிவுற்றாலும்’ என்று மாறியது.

மூன்றாவது, ‘பெங்களூரு நகர எல்லைக்குள்’ என்பது உட்கார வேண்டிய இடம். இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ‘பெங்களூரு நகர எல்லைக்குள் நிறுவனத்தோடு போட்டியிடும் எந்த நிறுவனத்திலும் ஊழியர் வேலை செய்யக் கூடாது.’ ‘நிறுவனத்தோடு போட்டியிடும் எந்த நிறுவனத்திலும் ஊழியர் பெங்களூரு நகர எல்லைக்குள் வேலை செய்யக் கூடாது.’ முதலாவதில் எல்லை போட்டிக்கு; இரண்டாவதில் வேலைக்கு. பெங்களூரில் போட்டியிடும் ஒரு நிறுவனத்துக்குக் கோயம்புத்தூரில் கிளை இருந்தால், அந்தக் கிளையில் சேர்வதை முதல் வாக்கியம் தடுக்கும், இரண்டாவது தடுக்காது. ஆங்கில மூலத்தில் எல்லைத் தொடர் தடைவினையை ஒட்டி, இருபுறமும் காற்புள்ளியோடு நின்றது, பொருள் இரண்டாவதுதான். வரைவிலோ எல்லையே இல்லை. ‘நீண்ட வாக்கியத்தைச் சுருக்கும்’ ஆர்வத்தில் உதிர்ந்து போயிருந்தது. பெயருக்கு முன்னால் அடைகளை அடுக்கும் தமிழில், இப்படிப்பட்ட தொடரை வினைக்கு மிக அருகில் கொண்டுபோய் வைப்பதே பாதுகாப்பு.

இந்தத் தருணத்தில் அவர் தம் நண்பரான வழக்கறிஞர் ஒருவரிடம் பேசினார். அவர் சிரித்தார். “இவ்வளவு மெனக்கெடுகிறீர்களே, பணி முடிந்தபின் வரும் தடை இந்தியாவில் செல்லவே செல்லாதே.” உண்மைதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. பணியில் இருக்கும் காலத்துத் தடை வேறு. அது 27ஆம் பிரிவின்கீழ் வரும் தடையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை என்று 1967இல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அப்படியானால் செல்லாத ஒன்றை மென்மையாக மொழிபெயர்த்தால் என்ன? அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் செல்லாது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஊழியர் அங்கே செல்ல வேண்டுமென்றால், அல்லது ஒரு வழக்கறிஞரிடமேனும் காட்ட வேண்டுமென்றால், தம்மை எது தடுக்கிறது என்பது அவருக்கு முழு எடையோடு தெரிந்திருக்க வேண்டும். ‘ஈடுபடமாட்டார்’ என்று படித்தவர் எவரிடமும் கேட்கமாட்டார். ‘கூடாது’ என்று படித்தவர் கேட்பார்.

27ஆம் பிரிவின் ‘அந்த அளவுக்கு’ என்ற சொல்லில் இன்னொரு வேலையும் ஒளிந்திருந்தது. மூலத்தில் பணிக் காலத் தடையும் பிந்தைய தடையும் தனித்தனி உட்பிரிவுகள். ஒன்று வீழ்ந்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தமிழில் ‘பணிக் காலத்திலும் அதன்பின் 12 மாதங்களிலும்’ என்று இரண்டு ‘உம்’ போட்டு ஒரே மூச்சில் கட்டிவிடுவது எளிது. கட்டிவிட்டால் படிப்பவர் பிந்தையது செல்லாது என்று எங்கோ கேள்விப்பட்டு, முழுப் பிரிவையும் செல்லாததாக எண்ணி, வேலையில் இருந்துகொண்டே மாலையில் வேறொரு நிறுவனத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்கப் போகக்கூடும். அந்த இரண்டும் தனித்தனி வாக்கியங்களாகவே விடப்பட்டன; ‘கூடாது’ இரண்டு முறை வந்தது. படிக்க அழகில்லை.

பணி முடிப்புப் பிரிவுக்கு வந்தபோது தருமபுரி இளைஞர் மறுபடியும் உதவினார். தலைப்பே முதல் இடறல். வரைவில் அது ‘பணிநீக்கம்’. பத்திரிகைத் தமிழில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: மேலிடம் ஒருவரை வெளியே அனுப்புவது, பெரும்பாலும் ஒரு கறையோடு. ஆனால் மூலத்தின் சொல் நடுநிலையானது. இரு தரப்பும் ஒப்பந்தத்தை முடிப்பதற்குப் பொதுவானது. தலைப்பு ‘ஒப்பந்தத்தை முடித்தல்’ என்றானது. தவறான நடத்தைக்காக வெளியேற்றும் உட்பிரிவுக்கு மட்டும் ‘பணிநீக்கம்’ மிஞ்சியது.

அந்த உட்பிரிவில் மூலம் சொல்வது, அத்தகைய ஊழியர் உடனடிப் பணிநீக்கத்துக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருப்பார் என்பது. அவர் தானாகவே நீங்கிவிடமாட்டார். நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். வரைவில் ‘பணிநீக்கம் செய்யப்படுவார்’ என்றிருந்தது. அது விதியைப்போல, தப்பவே முடியாததாக ஒலித்தது. திருத்திய வரைவில் சட்டத் தமிழின் பழக்கப்படி ‘பணிநீக்கம் செய்யப்படத்தக்கவர் ஆவார்’ என்று போட்டார். ‘தண்டிக்கத்தக்க குற்றம்’ என்பதைப் போல அது துல்லியமானது. இளைஞர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“தக்கவர்னா தகுதியானவர் தானேக்கா? மெடல் குடுக்கற மாதிரி இருக்கு.”

துல்லியம் வாசிப்பவரின் காதில் போய்ச் சேராவிட்டால் அது அகராதியின் துல்லியம் மட்டுமே. இறுதியில் செயப்பாட்டு வினையையே விட்டுவிட்டு, ‘நிறுவனம் அவரை முன்னறிவிப்பின்றி உடனடியாகப் பணிநீக்கம் செய்யலாம்’ என்று எழுதினார். ‘லாம்’ இப்போது ஒரே பொருளில் நிற்க, முடிவெடுப்பவர் யார் என்பதும் வெளிப்படையாகியது. ‘முன்னறிவிப்பின்றி’ என்பதும் ‘உடனடியாக’ என்பதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டையும் அவர் வைத்துக்கொண்டார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மாதம் கழித்தும் நீக்கலாம்.

கடைசியாக, வராமல் இருத்தல். அனுமதியின்றித் தொடர்ந்து 10 நாள் வராத ஊழியர் பணியைக் கைவிட்டவராகக் கொள்ளப்படுவார் என்பது மூலம். வரைவு ‘கருதப்படும்’ என்றது. நடைமுறைத் தமிழில் கருதுவது ஓர் அபிப்பிராயம். ‘அப்படிக் கருதப்படுகிறது’ என்றால் அப்படி இல்லாமலும் இருக்கக்கூடும். ஒப்பந்தமோ, உண்மை எதுவாயினும் இப்படித்தான் கொள்வோம் என்கிறது. ‘கைவிட்டவராகவே கொள்ளப்படுவார்’ என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்து அது சரி செய்யப்பட்டது. இத்தகைய விதியையும் விசாரணையின்றி நிறுவனம் தன் போக்கில் செயல்படுத்த முடியாது என்று, நிலையாணை ஒன்றைப் பற்றிய டி.கே. யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதுவும் மொழிபெயர்ப்புக்குள் வர வேண்டியதன்று.

இளைஞருக்கு இங்கேயும் ஒரு சந்தேகம். அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் சொன்னார்களாம்: பத்து நாள் போகாமல் இருந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும், நோட்டீசும் வேண்டாம், பணமும் வேண்டாம். வரைவைப் படித்தால் அது சரி என்றுதான் தோன்றியது. ‘பணியைக் கைவிட்டதாகக் கருதப்படும், ஒப்பந்தம் முடிவுறும்’ என்று ஒரு பத்தி முடிய, அடுத்த பத்தியில் ‘முன்னறிவிப்புக் கால ஊதியத்தை நிறுவனம் வசூலிக்கலாம்’ என்று வந்தது. மழை வரலாம் என்பதுபோல, வசூலிக்கலாம், வசூலிக்காமலும் போகலாம். மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தின் காரணமும் விளைவும்: அறிவிப்புத் தராமல் கைவிட்டதாகக் கொள்ளப்படுவதால், அக்கால ஊதியத்துக்குச் சமமான தொகை அவரிடமிருந்து பெறத்தக்கது. இரு பத்திகளும் மீண்டும் சேர்க்கப்பட்டன. ‘வசூலிக்கலாம்’ என்பது ‘வசூலித்துக்கொள்ளலாம்’ ஆயிற்று. அந்தக் ‘கொள்’ சிறிய துணைவினை. ஆனால் அது வந்துவிட்டால் ‘ஒருவேளை’ என்ற பொருள் ஒதுங்கி, செய்பவரின் விருப்பம் மட்டும் நிற்கிறது. ‘எடுத்துக்கலாம்’ என்று கடையில் யாராவது சொன்னால், எடுக்கக்கூடும் என்றா புரிந்துகொள்கிறோம்?

பிரதியோடு ஒரு கேள்வியும் நிறுவனத்துக்குப் போயிற்று. 60 நாள் என்பது அறிவிப்புக் கிடைத்த நாளையும் சேர்த்தா, தவிர்த்தா? மூலத்திலேயே அது தெளிவாக இல்லை; தெளிவில்லாததைத் தமிழில் தெளிவாக்குவது மொழிபெயர்ப்பாளரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. நான்கு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: தவிர்த்து. இரு பிரதிகளிலும் அது சேர்க்கப்பட்டது.

இளைஞர் முன்பே கையெழுத்திட்டிருந்த ஆங்கில ஒப்பந்தத்திலும் இதே பிரிவுகள்தாம் இருந்தன. மார்ச் 3ஆம் தேதி அவர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தார். அந்தக் கணக்கில் அவருடைய கடைசி நாள் மே 2. கோயம்புத்தூர்க் கிளையில் ஏப்ரலுக்குள் சேர வேண்டியிருந்ததால், கடைசி 15 நாளுக்கான தொகையைப் பிடித்துக்கொண்டு தம்மை முன்னதாக விடுவிக்குமாறு அதே கடிதத்தில் கேட்டிருந்தார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு எழுத்துமூலம் சம்மதம் வந்தது. ஏப்ரல் 17 மாலை கருவிப் பையையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, இறுதிக் கணக்குக்கு 45 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். ஜூன் 1.